மே மாதம் என் முறை, நான் ஊரில் இல்லை

சென்னையில் பெரிய அடுக்குமாடி வளாகங்களுக்கு மேலாளர் உண்டு, அலுவலகம் உண்டு, புகார் எழுத நோட்டும் உண்டு. ஆனால் நங்கநல்லூர், மடிப்பாக்கம், குரோம்பேட்டை பக்கம் ஒரு கிரவுண்டு, ஒன்றரை கிரவுண்டில் எழுந்து நிற்கும் ஆறு வீட்டு, எட்டு வீட்டு, பத்து வீட்டுக் கட்டடங்களுக்கு அப்படி யாரும் கிடையாது. அங்கே சங்கம் என்றால் அந்த எட்டு வீட்டுக்காரர்கள்தான். மாதம் ஒரு வீடு பொறுப்பு. மெயின்டனன்ஸ் வசூல், வாட்ச்மேன் சம்பளம், படிக்கட்டு பெருக்கும் அம்மாவுக்குப் பணம், பொது மீட்டரின் கரண்ட் பில், மோட்டார், தண்ணீர் லாரி, சாக்கடை அடைப்பு எல்லாம் அந்த மாதத்துக்காரர் தலையில். மாதக் கடைசியில் கணக்கு நோட்டும் சாவிக்கொத்தும் அடுத்த வீட்டுக்குப் போகும்.

இந்த ஏற்பாடு வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடும். சிக்கல், ஒருவர் தன் முறை வரும் மாதத்தில் ஊரில் இல்லாதபோது வரும். மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகிறார், அல்லது மகனோடு இருக்க சிங்கப்பூர் போகிறார், அல்லது அலுவலகம் மூன்று மாதம் புனேவுக்கு அனுப்புகிறது. பெரும்பாலானவர்கள் அப்போது செய்வது ஒன்றுதான். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னால், வாட்ஸ்அப் குழுவில், “அடுத்த மாதம் நான் ஊரில் இல்லை, யாராவது பார்த்துக்கொள்ளவும்” என்று ஒரு வரி போடுவார்கள். ஏழு பேரும் படிப்பார்கள். பதில் வராது. யாராவது ஒருவர், வழக்கமாக எல்லாவற்றுக்கும் தலையைக் கொடுக்கிறவரே, மூன்றாம் நாள் “சரி, நான் பார்க்கிறேன்” என்பார். அந்த வரியில் எவ்வளவு மனத்தாங்கல் இருந்தது என்பது அடுத்த பொதுக்கூட்டத்தில் தெரியும்.

முறையை மறுப்பது தப்பில்லை. ஊரில் இல்லாத மனிதர் மோட்டார் போட முடியாது. “யாராவது” என்று விட்டுவிடுவதுதான் தப்பு. மாற்றிக்கொள்வது என்றால் எந்த வீட்டோடு, எந்த மாதத்துக்கு எந்த மாதம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, எல்லா மாதமும் ஒரே எடை இல்லை என்பது.

மே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடிமக்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் என்று நகரத் திட்டங்களில் போடும் கணக்கு ஆளுக்கு 135 லிட்டர். எட்டு வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் 32 பேர். நாளுக்கு 4,320 லிட்டர். போர் வற்றிவிட்டால் 9,000 லிட்டர் லாரி ஒன்று இரண்டு நாளுக்குத்தான் வரும். போர் பாதி கொடுக்கிறது என்றாலும் நாலு நாளுக்கு ஒரு லாரி. அதாவது மாதத்துக்கு ஏழெட்டு தடவை போன் போட வேண்டும், பணம் கட்ட வேண்டும், லாரி வரும் நேரத்தில் கீழே நிற்க வேண்டும். அந்த நேரம் விடியற்காலை ஐந்து மணியாகவும் இருக்கலாம், இரவு பன்னிரண்டாகவும் இருக்கலாம்.

கூட நிற்பது ஏன் என்றால், சம்ப்பின் கொள்ளளவு. 10,000 லிட்டர் சம்ப்பில் ஏற்கெனவே 4,000 லிட்டர் இருந்தால் 9,000 லிட்டர் லாரியை முழுதாக இறக்க முடியாது. மீதியை லாரிக்காரர் கொண்டுபோய்விடுவார், ஆனால் முழு லோடுக்கும் பணம் வாங்குவார். ஆகவே சம்ப் ஆயிரம் லிட்டருக்கு இறங்கும் நேரமும் லாரி வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். முன்கூட்டியே மேல் தொட்டிக்கு ஏற்றி சம்ப்பைக் காலி செய்து வைக்க வேண்டும். இது அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸ்அப்பில் செய்கிற வேலை இல்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டபோது, மெட்ரோ வாட்டரில் லாரிக்குப் பதிந்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். அந்த வருடம் மே, ஜூன் மாதப் பொறுப்பில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், இன்னும் கதை கதையாகச் சொல்வார்கள்.

நவம்பரும் டிசம்பரும் வேறு விதமான பாரம். தெருவில் தண்ணீர் ஏறினால் முதலில் மோட்டார் அறையைப் பார்க்க வேண்டும், தரைமட்டத்தில் இருக்கும் மீட்டர் பெட்டியைப் பார்க்க வேண்டும், சம்ப் மூடி வழியாகச் சாக்கடை நீர் உள்ளே போகாமல் அடைக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் பல கட்டடங்களில் சம்ப் நீரையே மொத்தமாக இறைத்துக் கொட்டிவிட்டுக் கழுவ வேண்டியிருந்தது. ஜனவரி, பிப்ரவரி, ஆகஸ்ட் இவற்றோடு ஒப்பிட்டால் சும்மா இருக்கும் மாதங்கள். வசூல் செய்து, சம்பளம் கொடுத்து, நோட்டில் எழுதிவிட்டால் முடிந்தது. மே மாதத்தைக் கொடுத்துவிட்டு பிப்ரவரியை வாங்கிக்கொள்கிறவர் மாதத்துக்கு மாதம் சமம் என்று சொன்னாலும் எதிர் வீட்டுக்காரருக்கு உண்மை தெரியும்.

எட்டு வீடு என்பதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எட்டு மாதத்துக்கு ஒரு முறை என்றால், மே மாதம் பொறுப்பெடுத்த வீட்டுக்கு அடுத்தது ஜனவரி, அதற்கடுத்தது செப்டம்பர், பிறகு மறுபடியும் மே. அந்த வீட்டுக்கு வாழ்நாள் முழுக்க இந்த மூன்று மாதங்கள்தான். பன்னிரண்டு வீட்டுக் கட்டடமாக இருந்தால் மே மாத வீட்டுக்கு என்றைக்குமே மே. பதினொரு வீடு என்றால் எல்லோருக்கும் எல்லா மாதமும் சுற்றி வரும். இதைப் பெரும்பாலான சங்கங்கள் யோசித்ததே இல்லை. ஆனால் மாற்றிக்கொள்ளும்போது இது முக்கியம். “இந்த ஒரு முறை மட்டும் மாற்றுகிறோம், அடுத்த சுற்று பழைய வரிசைப்படியே” என்று சொல்லாவிட்டால், சிலர் மாற்றிய இடத்திலிருந்தே அடுத்த சுற்றை எண்ணத் தொடங்குவார்கள். அப்புறம் உங்கள் மே மாதம் நிரந்தரமாக எதிர் வீட்டுக்குப் போய்விடும்.

ஒரு உதாரணத்தை முழுக்கப் பார்ப்போம். எட்டு வீடு: தரைத்தளத்தில் ஜி-1, ஜி-2, முதல் தளத்தில் எஃப்-1, எஃப்-2, இரண்டாம் தளத்தில் எஸ்-1, எஸ்-2, மூன்றாம் தளத்தில் டி-1, டி-2. வரிசைப்படி பிப்ரவரி எஃப்-1, மார்ச் எஃப்-2, ஏப்ரல் எஸ்-1, மே எஸ்-2, ஜூன் டி-1, ஜூலை டி-2, ஆகஸ்ட் ஜி-1, செப்டம்பர் ஜி-2. பிறகு அக்டோபர் எஃப்-1, நவம்பர் எஃப்-2, டிசம்பர் எஸ்-1, ஜனவரி மறுபடியும் எஸ்-2.

எஸ்-2வில் இருப்பவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு ஜூன் முதல் வாரம் நாள் குறித்திருக்கிறார்கள். ஏப்ரல் பதினைந்துக்கு நியூஜெர்சி புறப்படுகிறார், அக்டோபர் முதல் வாரம் திரும்புகிறார். பயணிகள் விசாவில் போகிறவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது ஆறு மாதம், அதைக் கிட்டத்தட்ட முழுக்க எடுத்துக்கொள்கிறார். டிக்கெட் பிப்ரவரி தொடக்கத்திலேயே போட்டாயிற்று.

அவருக்கு முதலில் தோன்றும் வழி, வரிசையை ஒரு படி முன்னால் நகர்த்துவது. டி-1 மே மாதம் எடுத்துக்கொள்ளட்டும், டி-2 ஜூன், ஜி-1 ஜூலை. பார்க்க நியாயமாக இருக்கும். ஆனால் இதற்கு ஒருவர் சம்மதம் போதாது, பின்னால் இருக்கும் எல்லாருடைய சம்மதமும் வேண்டும். ஜி-1 சார் ஆகஸ்ட் என்று நினைத்து ஜூலையில் காசி போக ஏற்பாடு செய்திருப்பார். ஒருவர் பயணத்துக்காக ஆறு பேர் காலண்டரைத் திருத்துவதைவிட, இரண்டு வீடுகளுக்குள் முடித்துக்கொள்வது நல்லது. மற்ற ஆறு பேருக்குச் செய்தி மட்டும் போனால் போதும்.

ஆக யாரோடு? ஊரில் இல்லாத மாதங்களை அடித்துவிட்டால் மீதி இருப்பது சொற்பம். ஏப்ரலில் பாதி மாதம்தான் இருப்பார், அதனால் எஸ்-1 வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அவரே இல்லை. பிப்ரவரி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. மிச்சம் மார்ச், அக்டோபர், நவம்பர், டிசம்பர். இதில் நவம்பர் பொருத்தமாகத் தெரியும், ஏனென்றால் கடினமான மாதத்துக்குக் கடினமான மாதம். ஆனால் மார்ச்சும் நவம்பரும் எஃப்-2வுக்கு உரியவை. நவம்பரைக் கொடுத்து மே மாதத்தை வாங்கினால் எஃப்-2 மார்ச்சிலும் பொறுப்பு, நடுவில் ஒரு மாதம் விட்டு மே மாதத்திலும் பொறுப்பு. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது அதிகம்.

இன்னொரு காரணமும் உண்டு, என் கணக்கில் இதுதான் பெரியது. திரும்பி வந்து செய்கிறேன் என்பது கடன். பிரசவத்துக்குப் போகிறவர்கள் சொன்ன தேதிக்குத் திரும்புவது அபூர்வம். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, மகளுக்கு விடுப்பு முடிந்துவிட்டது, விசாவை நீட்டிக்க விண்ணப்பித்திருக்கிறோம் என்று ஏதாவது வரும். அப்போது நவம்பர் மழையில் எஃப்-2 நிற்க வேண்டியிருக்கும், ஏற்கெனவே மே மாதத்தையும் பார்த்துக் கொடுத்த பிறகு. போவதற்கு முன்னாலேயே ஒரு மாதத்தைச் செய்துவிட்டுப் போனால் இந்தப் பேச்சே இல்லை. முறை மாற்றுவதில் நான் சொல்லக்கூடிய ஒரே விதி இதுதான்: முடிந்தவரை முன்கூட்டிச் செய்துவிட்டுப் போங்கள். ஆகவே மார்ச்சை எஸ்-2 எடுக்கிறார், மே மாதத்தை எஃப்-2 எடுக்கிறது.

மார்ச்சும் மே மாதமும் ஒரே எடை இல்லையே? இல்லை. அதை ஈடுகட்டத்தான் வேண்டும். பணமாக அல்ல. கோடையின் கடினமான வேலைகளில் சிலவற்றை மார்ச்சிலேயே முடித்துவைப்பதுதான் நல்ல ஈடு. சம்ப்பையும் மேல் தொட்டியையும் சுத்தம் செய்ய ஆள் கூப்பிடுவது, மோட்டாரின் வால்வையும் கசிவையும் பிளம்பரைக் கொண்டு பார்ப்பது, முக்கியமாகக் கோடைத் தண்ணீருக்கான கூடுதல் பணத்தை எட்டு வீட்டிலும் மார்ச்சிலேயே வசூலித்துவிடுவது. மே மாதத்தில் பொறுப்பெடுப்பவரை நோகடிப்பது லாரியைவிட வசூல்தான். கையில் பணமில்லாமல் ஒவ்வொரு லோடுக்கும் சொந்தக் காசைப் போட்டுவிட்டு, பிறகு டி-2வின் வாசலில் மூன்று தடவை நிற்பது யாருக்கும் பிடிக்காது. இருபதாயிரமோ முப்பதாயிரமோ முன்பணமாகக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கும் மே, பாதி மே.

இனி கேட்கும் வேலை. முதலில் வாட்ஸ்அப் குழு அல்ல, எஃப்-2வின் கதவு. குழுவில் போட்டு ஒருவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் மற்ற ஆறு பேர் பார்க்கிறார்கள், மறுக்க முடியாத நிலைக்கு அவரைத் தள்ளுகிறோம். வாசலில் கேட்டால் முடியாது என்று சொல்லவும் இடமிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வாக்கில் போகலாம். வேலைக்குப் போகிறவர்களிடம் வாரநாள் இரவு எட்டு மணிக்கு லிஃப்ட் இல்லாத படிக்கட்டில் வழிமறித்துக் கேட்பது சரியான நேரம் இல்லை. பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்.

“ஏம்மா, ஒரு விஷயம் கேக்கணும். மே மாசம் நம்ம பில்டிங் பொறுப்பு என்னுது. நான் ஏப்ரல் நடுவுல கிளம்பறேன், அக்டோபர்லதான் வருவேன். மார்ச் உங்களுது. நான் மார்ச் பாத்துக்கறேன், நீங்க மே பாத்துக்க முடியுமா? முடியலன்னா சொல்லிடும்மா, நான் வேற யாரையாவது கேக்கறேன்.”

“மே மாசமா ஆன்ட்டி? தண்ணி லாரி எல்லாம் இருக்குமே. நாங்க ரெண்டு பேரும் ஒம்போது மணிக்குக் கிளம்பிடுவோம்.”

“இருக்கும். அதனாலதான் சம்ப் கிளீனிங்கும் வசூலும் மார்ச்சுலயே முடிச்சுக் கொடுத்துடறேன். லாரிக்காரர்கிட்டயும் பேசி, காலைல ஏழு மணிக்குள்ள வரச் சொல்லி வச்சுடறேன்.”

“மே ரெண்டாவது வாரம் நாங்க ஊருக்குப் போறோம் ஆன்ட்டி. அஞ்சு நாள், கோயில் திருவிழா.”

“சரி, அந்த அஞ்சு நாளுக்கு ஜி-1 சார்கிட்ட நானே கேட்டுச் சொல்றேன். நீ அவர்கிட்டக் கேக்க வேண்டாம்.”

கவனித்தால் இதில் சில விஷயங்கள் இருக்கின்றன. ஏன் போகிறேன் என்பதைவிட எப்போது போகிறேன் என்பதைத்தான் அவர் சொல்கிறார். காரணத்தை நீட்டி முழக்க வேண்டியதில்லை. பிரசவச் செய்தியை முன்கூட்டி நாலு பேருக்குச் சொல்ல விரும்பாத குடும்பங்கள் நம்மிடம் நிறைய. தேதி போதும். கேட்டது ஒரே மாதம், எதிரில் வைத்ததும் ஒரே மாதம், இரண்டும் பெயரோடு. முடியாது என்று சொல்ல வழியும் விட்டிருக்கிறார். மிக முக்கியமானது கடைசி வரி. மாற்றிக் கேட்பவர் உருவாக்கும் ஓட்டையை மாற்றிக் கேட்பவரே அடைக்க வேண்டும். ஐந்து நாளுக்கு ஆள் தேடும் வேலையையும் எஃப்-2 மேல் போட்டால், அவர்கள் செய்வது உதவிக்கு மேல் உதவி.

எதிர் வீட்டுப் பெண்ணின் பதிலையும் பாருங்கள். லாரியைக் கேட்கிறார், தன் ஊர்ப் பயணத்தைச் சொல்கிறார். இது நல்ல அறிகுறி. பொறுப்பை மனதுக்குள் எடுத்துப் பார்க்கிறவர்தான் இப்படிக் கேள்வி கேட்பார். எதுவும் கேட்காமல் சிரித்துக்கொண்டே “அதுக்கென்ன ஆன்ட்டி, பாத்துக்கலாம்” என்று உடனே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினால் கொஞ்சம் யோசியுங்கள். மரியாதைக்குச் சொன்ன பதிலாக இருக்கலாம். இரண்டு நாள் கழித்து, “உங்க வீட்டுக்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டியாம்மா?” என்று இன்னொரு வாய்ப்பு கொடுப்பது நல்லது. வீட்டில் ஒருவர் ஒப்புக்கொண்டு மற்றவருக்குத் தெரியாமல் போய், மே முதல் தேதி நோட்டைக் கொண்டுபோனபோது “இது எப்ப பேசினீங்க?” என்று கேட்கும் காட்சிகள் அடிக்கடி நடக்கின்றன.

எஃப்-2வில் இருப்பவர்கள் வாடகைக்கு இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. மே மாதத்துக்குள் வீடு மாறுகிறார்களா என்று சாதாரணமாகக் கேட்டுவிட வேண்டும். குழந்தைகளின் பள்ளிக்காக வீடு மாறுகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களில்தான் மாறுவார்கள். மார்ச்சைச் செய்து கொடுத்த பிறகு அவர்கள் காலி செய்துவிட்டால், புதிதாக வருகிறவர் “எனக்கு அதெல்லாம் தெரியாது” என்பார். அது அவர் தப்பும் இல்லை. அப்படிச் சந்தேகம் இருந்தால் வீட்டு உரிமையாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது பாதுகாப்பு.

எஃப்-2 சரி என்ற பிறகுதான் குழு. அந்தச் செய்தி அனுமதி கேட்பதாக இருக்கக் கூடாது, தகவலாக இருக்க வேண்டும். இப்படி:

“அனைவருக்கும் வணக்கம். மே மாதப் பொறுப்பை எஃப்-2 எடுத்துக்கொள்ள அன்போடு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் மார்ச் மாதப் பொறுப்பை எஸ்-2 எடுத்துக்கொள்கிறேன். மே 10 முதல் 14 வரை ஜி-1 சார் பார்த்துக்கொள்வார். இந்த மாற்றம் இந்தச் சுற்றுக்கு மட்டும். நவம்பர் எஃப்-2, ஜனவரி எஸ்-2 என்ற வரிசை அப்படியே இருக்கும். கோடைத் தண்ணீருக்கான கூடுதல் தொகையை மார்ச் 15க்குள் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் பயணத் தேதி இல்லை, எங்கே போகிறார் என்பதும் இல்லை. வேண்டுமென்றே விட்டதுதான். குழுவில் பழைய குடித்தனக்காரர் இன்னும் இருப்பார், பிளம்பர் இருப்பார், சில இடங்களில் லாரிக்காரர்கூட இருப்பார். ஆறு மாதம் பூட்டிய வீடு என்று எழுதிப் போடத் தேவையில்லை. அக்கம்பக்கத்தில் தெரிய வேண்டியவர்களுக்கு நேரில் சொன்னால் போதும்.

சில சங்கங்கள் 1975ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டவை. அங்கே செயலாளர், பொருளாளர் எல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், வங்கிக் கணக்கில் கையெழுத்து அவர்களுடையது. சுழற்சி முறையில் வரும் மாத வேலையை அக்கம்பக்கத்தில் பேசி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பொருளாளர் பதவியை எதிர் வீட்டோடு அப்படி மாற்றிக்கொள்ள முடியாது. அதற்குக் குழு கூடித் தீர்மானம் போட வேண்டும். பொருளாளர் ஆறு மாதம் வெளிநாடு போகிறார் என்றால் காசோலையில் யார் கையெழுத்துப் போடுவது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே வங்கியில் சரிசெய்ய வேண்டும்.

எல்லாம் பேசி முடித்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கைபேசி எண்கள். பொது மீட்டரின் மின் இணைப்பு எண்ணோடு யாருடைய கைபேசி பதிவாகி இருக்கிறதோ அவருக்குத்தான் பில் குறுஞ்செய்தி போகும். நம் கதையில் அது எஸ்-2 அம்மாவின் எண்ணாக இருந்தால், அவர் நியூஜெர்சியில் அந்தச் சிம்மை எடுத்து வைத்துவிட்டு அங்கே வாங்கிய எண்ணைப் பயன்படுத்துவார். தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. மே மாதம் கணக்கு எடுத்துவிட்டுப் போனது யாருக்கும் தெரியாது, கட்ட வேண்டிய நாள் தாண்டிவிடும், ஒரு காலையில் பொது மோட்டாருக்குக் கரண்ட் இருக்காது. தண்ணீர் இல்லாத மே மாதத்தில் மோட்டாருக்கும் கரண்ட் இல்லை என்றால் எட்டு வீட்டில் யார் பெயரை எல்லோரும் சொல்வார்கள் என்று விளக்க வேண்டாம். புறப்படுவதற்கு முன் அந்த எண்ணை மாற்றிவிடுவது, அல்லது குறைந்தது மின் இணைப்பு எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைப்பது அவசியம். இணைப்பு எண் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் பாக்கி எவ்வளவு என்று பார்த்துக் கட்டிவிடலாம்.

நோட்டின் அதே பக்கத்தில் லாரிக்காரர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எண்கள். வாட்ச்மேன் வாங்கிய முன்பணம் எவ்வளவு, மாதம் எவ்வளவு பிடிக்கிறோம் என்பது. இதை எழுதாவிட்டால் மே மாதத்தில் வாட்ச்மேன் ஒன்று சொல்வார், நோட்டு ஒன்று சொல்லும். கையில் இருக்கும் பணத்தை எண்ணி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஒப்படைப்பது கொஞ்சம் கூச்சமாக இருக்கும், ஆனால் பழக்கமாகிவிட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. எஸ்-2 அம்மா மார்ச் முடிந்ததும் எஸ்-1க்கு நோட்டைக் கொடுப்பார். கோடைக்காக வசூலித்த பணத்தை மற்ற கணக்கோடு கலக்காமல், தனி வரியில் “மே தண்ணீர் முன்பணம்” என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஏப்ரலில் கேட் வெல்டிங்குக்கு அது போய்விடும், மே முதல் தேதி எஃப்-2 கையில் வெறும் நோட்டுதான் வரும்.

எஃப்-2 மறுத்தால்? அக்டோபர் அல்லது டிசம்பர் வீட்டைக் கேட்கலாம். கடனாகத்தான் இருக்கும், ஆனால் கேட்கும்போதே, “நான் திரும்ப லேட்டானா ஜனவரி என்னுது இருக்கே, அதோட சேத்து செஞ்சுடறேன்” என்று சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவருக்கு நம்பிக்கை வரும். யாருமே முன்வரவில்லை என்றால் சிலர் சொல்லும் வழி, ஒரு தொகையைக் கொடுத்து யாரையாவது பார்க்கச் சொல்வது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு தடவை இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து முறையிலிருந்து விலகினால், அடுத்த வருடம் வசதியுள்ள இன்னும் இரண்டு வீடுகள் அதையே செய்யும். பொறுப்பு மெல்ல மெல்லப் பணம் தேவைப்படுகிறவர் வீட்டில் போய்ச் சேரும், அவர் சங்கத்துக்குச் சம்பளக்காரர் ஆகிவிடுவார். முழுநேர மேலாளர் வைத்துக்கொள்ள எட்டு வீடும் சேர்ந்து முடிவெடுத்தால் அது வேறு விஷயம்.

கோடை விடுமுறைக்கோ பிள்ளைகளைப் பார்க்கவோ டிக்கெட் எடுக்கப்போகிறீர்கள் என்றால், தேதியை உறுதி செய்வதற்கு முன் உங்கள் கட்டடத்தின் கணக்கு நோட்டைத் திறந்து உங்கள் முறை எந்த மாதம் என்று ஒரு தடவை பாருங்கள். அந்த மாதம் இடிக்கிறது என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.